ஏர்பாட்ஸ் ப்ரோ 2 அசலா நகலா: கீல், காண்டாக்ட், மூடிக்குள் இருக்கும் எழுத்து

கேள்வி: ஓஎல்எக்ஸில் ஏர்பாட்ஸ் ப்ரோ 2, டைப்-சி மாடல், 9,000 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார்கள். துபாயிலிருந்து வந்த கிஃப்ட், பத்து நாள்தான் யூஸ் பண்ணினேன் என்கிறார். ஆறு படம் வாங்கி இணைத்திருக்கிறேன். கீல், சார்ஜ் ஆகும் பாயிண்ட், மூடிக்கு உள்ளே இருக்கும் எழுத்து இதையெல்லாம் வைத்து ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று சொல்ல முடியுமா அண்ணா? நான் மதுரை, அவர் கோவை. சும்மா போய் ஏமாறக் கூடாது.

பதில்:

போக வேண்டாம். உங்கள் ஐந்தாவது படமும் ஆறாவது படமும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. அந்த ஒரு காரணமே போதும். ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்தினால், அடுத்த விளம்பரத்தில் அந்தத் தவறு இல்லாத நகல் வரும்போது நீங்கள் ஏமாறுவீர்கள். அதனால் மூன்று இடங்களையும் எப்படிப் பார்ப்பது, எது எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்று உங்கள் படங்களை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். படத்தை வைத்து "இது நகல்" என்று உறுதியாகச் சொல்லலாம். "இது அசல்" என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கடைக்காரர்கள் மாஸ்டர் காப்பி என்று சொல்கிற ரகத்தில் வெளி உறை அசலை அளந்து வார்த்ததாகவே இருக்கும். வித்தியாசம் உள்ளே இருக்கும் சிப்பிலும் பேட்டரியிலும்தான். எனவே படத்தில் நாம் தேடுவது அசலுக்கான அடையாளத்தை அல்ல, அசலில் இருக்கவே முடியாத முரண்பாட்டை. அந்தக் கணக்கில் மூடிக்குள் இருக்கும் எழுத்துதான் முதல். கீல் சந்தேகத்தைக் கிளப்பும், ஆனால் தீர்ப்பு சொல்லாது. காண்டாக்ட் மட்டமான நகலைக் காட்டிக்கொடுக்கும், நல்ல நகலிடம் தோற்றுவிடும்.

உங்கள் ஆறு படங்களில் முதல் இரண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெள்ளைப் பின்னணி, நேர்த்தியான நிழல். மற்ற நான்கிலும் பூப்போட்ட படுக்கை விரிப்பு. முதல் இரண்டும் எங்கிருந்தோ எடுத்துப் போட்டவையாக இருக்கலாம். மீதி நான்கில் மூன்றாவது கீலின் பின்புறம், நான்காவது இயர்பட் எடுத்த பிறகு கேஸின் குழிகள், ஐந்தாவது மூடியின் உட்புறம், ஆறாவது அடியில் இருக்கும் சார்ஜிங் போர்ட்.

கீலில் தொடங்கலாம். ப்ரோ 2 கேஸின் பின்புறத்தில் மூடியும் உடம்பும் சேரும் இடத்தில் ஒரு சிறிய உலோகப் பட்டை தெரியும். அசலில் அந்தப் பட்டையின் வெளிமுகம் பிளாஸ்டிக்கோடு சமமாக, கேஸின் வளைவைத் தொடர்ந்து போகும். திருகு தெரியாது, ஊசி முனை எட்டிப்பார்க்காது. மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள கோடு சுற்றிலும் ஒரே அகலத்தில் மெல்லியதாக இருக்கும். நகல் செய்பவருக்கு இது கஷ்டமான இடம். மூடி, உடம்பு, உலோகம் என்ற மூன்று தனித்தனிப் பாகங்கள் ஒரே இடத்தில் மிகக் குறைந்த இடைவெளியில் சேர வேண்டும். அச்சு அவ்வளவு துல்லியமாக இல்லாதபோது, பொருத்தும்போது சிக்காமல் இருக்கப் பள்ளத்தைக் கொஞ்சம் பெரிதாக வெட்டிவிடுவார்கள். அதனால் பட்டையைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு விழும். சில நகல்களில் பட்டை தட்டையான தகடாகவே இருக்கும். கேஸ் வளைவாக இருப்பதால் தகட்டின் விளிம்பு லேசாகத் துருத்தி நிற்கும்.

இதைப் படத்தில் எப்படிப் பிடிப்பது? ஒளியின் பிரதிபலிப்பைப் பின்தொடருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் கேஸின் மேல் ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். அந்தக் கோடு பிளாஸ்டிக்கிலிருந்து உலோகத்துக்குள் போய், மறுபடி பிளாஸ்டிக்குக்கு வரும்போது நேராகத் தொடர்ந்தால் மூன்றும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. உலோகத்தின் விளிம்பில் கோடு உடைந்து மேலேயோ கீழேயோ தாவினால் அங்கே ஒரு படி இருக்கிறது. உங்கள் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கி, பட்டையின் மேல் விளிம்பைப் பாருங்கள். வெளிச்சக் கோடு அங்கே தெளிவாக உடைகிறது. அதோடு, கீலிலிருந்து வலது மூலை வரை போகும் இடைவெளி இடதுபக்க இடைவெளியை விட அகலமாக இருக்கிறது.

ஆனாலும் இந்தப் படத்தை மட்டும் வைத்து நான் நகல் என்று சொல்ல மாட்டேன். போனை மிக அருகில் வைத்து, சாய்த்து எடுத்திருக்கிறார். அகன்ற லென்ஸில் அருகில் எடுத்தால் லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் பகுதி பெரிதாகத் தெரியும். சமமான இடைவெளியும் சமமில்லாதது போல் விழும். கீழே விழுந்த அசல் கேஸிலும் மூடி ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். சிலிகான் கவர் போட்டுப் பயன்படுத்திய கேஸில் இடுக்கில் அழுக்கு சேர்ந்து, கறுப்புக் கோடு போலவே தெரியும். உலோகம் பளபளப்பாக இருக்கிறதா மங்கலாக இருக்கிறதா என்பதை வைத்துப் பலர் முடிவு செய்கிறார்கள். அதை நம்பாதீர்கள். ஒரே கேஸ் டியூப்லைட்டில் மங்கலாகவும் வெயிலில் கண்ணாடி போலவும் விழும்.

கீலுக்குக் கீழே இருக்கும் பட்டனையும் பாருங்கள். ப்ரோ 2 கேஸின் பின்புறத்தில் ஒரு வட்டமான செட்டப் பட்டன் உண்டு. அசலில் அது கேஸின் முகத்தோடு சமமாக இருக்கும். பல கோணங்களில் மெல்லிய வட்டக் கோடு மட்டும்தான் தெரியும். நகலில் அது மேடாக நிற்கலாம், நடுவிலிருந்து விலகியிருக்கலாம். இதைவிட உதவியான விஷயம் வேறு மாடல்களில் இருக்கிறது. ஏர்பாட்ஸ் 4-லும், 2025 செப்டம்பரில் வந்த ப்ரோ 3-லும் இந்தப் பட்டனே கிடையாது. கேஸின் முன்பக்கத்தைத் தட்டினால் வேலை நடக்கும். யாராவது ப்ரோ 3 என்று சொல்லி, பின்புறத்தில் பட்டன் உள்ள படம் அனுப்பினால், வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை.

கீலைப் பொறுத்தவரை படத்தை விட வீடியோ நல்லது. மூடியை மெதுவாகத் திறந்து மூடும் பத்து விநாடி வீடியோ கேளுங்கள். அசலில் மூடி பாதி வழியில் தொங்காது. மூடும் பக்கம் கொஞ்சம் வந்தால் காந்தம் இழுத்துச் சட்டென்று மூடும். ஓர் அளவைத் தாண்டித் திறந்தால் தானே திறந்து நிற்கும். நகலில் மூடி நடுவழியில் ஆடிக்கொண்டிருக்கும், அல்லது கேஸை ஆட்டினால் மூடியும் ஆடும்.

அடுத்து காண்டாக்ட். இதில் பார்க்க இரண்டு இடங்கள். ஒன்று இயர்பட்டின் காம்பு நுனி, இன்னொன்று கேஸின் குழிக்கு அடியில் இருப்பது. அசலில் காம்பின் நுனியில் பளபளக்கும் உலோகப் பகுதி இருக்கிறதே, அது அலங்காரம் அல்ல. சார்ஜ் ஏறுவது அது வழியாகத்தான். அதன் நடுவில் மைக்குக்கான கறுப்பு வலை கொஞ்சம் உள்வாங்கி இருக்கும். மட்டமான நகலில் நுனி வெறும் பிளாஸ்டிக். மேலே வெள்ளி நிறப் பூச்சு. பூச்சு வழியாக மின்சாரம் எடுக்க முடியாது என்பதால் பக்கத்தில் தனியாக இரண்டு பொன்னிறப் புள்ளிகள் வைத்திருப்பார்கள். அந்தப் புள்ளிகளைப் பார்த்த உடனே நகல் என்று முடிவு கட்டலாம். மைக் வலை இருக்க வேண்டிய இடத்தில் வலையே இல்லாமல் வெறும் துளையோ கறுப்பு மையோ இருந்தாலும் அதே முடிவுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த விதி ஏர்பாட்ஸுக்கு மட்டும். சாம்சங் பட்ஸ் 2 போன்ற காம்பில்லாத இயர்பட்களில் உடம்பிலேயே இரண்டு காண்டாக்ட் புள்ளிகள் இருப்பதுதான் முறை. அங்கே போய் இதைச் சொல்லி அசலை நகல் என்று தள்ளிவிடாதீர்கள். எந்த பிராண்டாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி, அந்த மாடலின் அசலில் மின்சாரம் எந்த வழியாக ஏறுகிறது, படத்தில் உள்ளதும் அதே வழியா என்பதுதான்.

கேஸின் குழியைப் படம் எடுப்பது சிரமம். ஆழம் அதிகம், வாய் குறுகல், உள்சுவர் பளபளப்பு. ஃப்ளாஷ் போட்டால் அடியில் ஒரு வெள்ளைப் பொட்டு தவிர எதுவும் விழாது. உங்கள் நான்காவது படத்தில் நடந்தது அதுதான். இடது குழியில் ஏதோ மஞ்சளாகத் தெரிகிறது. அது காண்டாக்டா, ஃப்ளாஷின் பிரதிபலிப்பா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தப் படத்தை நான் இரண்டு பக்கத்துக்கும் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல படம் கிடைத்தால் பார்க்க வேண்டியது இடதும் வலதும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம் போல இருக்கிறதா என்பதை. ஒரு பக்கம் காண்டாக்ட் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருந்தால், சுற்றிலும் பசை வழிந்து உறைந்திருந்தால், அது ஆலையில் பொருத்திய வேலை அல்ல. ஒன்று நகல், அல்லது யாரோ பிரித்துப் பார்த்த அசல். இரண்டுமே உங்களுக்கு வேண்டாம்.

அழுக்கையும் பச்சைப் படிவையும் நகலின் அடையாளமாக எடுக்காதீர்கள். வியர்வையோடு இயர்பட்டை உள்ளே வைத்தால் அசல் காண்டாக்ட்டும் நிறம் மாறும், கறுக்கும். ஆனால் அது வேறொன்றைச் சொல்கிறது. பத்து நாள்தான் யூஸ் பண்ணினேன் என்பவரின் கேஸில் காண்டாக்ட் கறுத்திருந்தால், பொருள் அசலாகவே இருந்தாலும் அவர் சொன்ன கதை அசல் இல்லை.

இப்போது எழுத்துக்கு வருகிறேன். ப்ரோ 2-ல் மூடியைத் திறந்தால் உட்புறத்தில், இயர்பட்டின் தலைக்கு இடம் விட்டுக் குழிந்திருக்கும் பகுதியில், வெளிர் சாம்பல் நிறத்தில் மிகச் சிறிய எழுத்துகள் இருக்கும். கலிஃபோர்னியாவில் வடிவமைத்தது, எந்த நாட்டில் சேர்த்தது, மாடல் எண், சீரியல் எண் எல்லாம் அங்கேதான். இயர்பட் ஒவ்வொன்றின் அடிப்பக்கத்திலும் தனியாக மாடல் எண் உண்டு.

பெரும்பாலானவர்கள் இந்த எழுத்தின் அழகைப் பார்க்கிறார்கள். ஃபாண்ட் தடிமனாக இருக்கிறதா, நிறம் கறுப்பாக இருக்கிறதா என்று. அதுவும் பார்க்க வேண்டியதுதான். நகலில் மை கூடுதலாகக் கறுத்திருக்கும், வளைந்த பரப்பில் அச்சிடும்போது எழுத்தின் ஓரம் கசிந்திருக்கும், வரிகள் லேசாகச் சாய்ந்திருக்கும், இரண்டு குழிகளிலும் எழுத்து ஒரே உயரத்தில் தொடங்காது. ஆனால் போன் கேமரா கான்ட்ராஸ்டைத் தானாகக் கூட்டும். வெளிர் சாம்பலைக் கறுப்பாகவும் கறுப்பைச் சாம்பலாகவும் அதனால் காட்ட முடியும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது இவ்வளவு சிறிய எழுத்தின் ஓரம் தானாகவே பிசிறிவிடும். அந்தப் பிசிறை மை கசிந்ததாக நினைத்து நல்ல பொருளை வேண்டாம் என்றவர்கள் உண்டு.

கேமராவால் மாற்ற முடியாதது எழுத்து என்ன சொல்கிறது என்பதை. ப்ரோ 2 இரண்டு வகையாக வந்தது. 2022 செப்டம்பரில் வந்தது லைட்னிங் போர்ட் உள்ள கேஸோடு. அந்தக் கேஸின் எண் A2700, இயர்பட்களின் எண்கள் A2931, A2699, A2698. 2023 செப்டம்பரில் வந்தது யுஎஸ்பி-சி கேஸோடு. கேஸின் எண் A2968, இயர்பட்களின் எண்கள் A3047, A3048, A3049. இந்தப் பட்டியல் ஆப்பிளின் உதவிப் பக்கத்திலேயே இருக்கிறது. பழைய இயர்பட்டின் A2698-ஐயும் புதிய கேஸின் A2968-ஐயும் நிதானமாகப் படியுங்கள். நடுவில் 6-ம் 9-ம் இடம் மாறியிருக்கின்றன. மங்கலான படத்தில் ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிடுவது மிகச் சுலபம். ஒவ்வொரு எண்ணாக, வாய்விட்டுச் சொல்லிப் படியுங்கள்.

உங்கள் ஐந்தாவது படத்தில் மூடிக்குள் இருக்கும் எண் A2700. ஆறாவது படத்தில் அடியில் இருப்பது யுஎஸ்பி-சி போர்ட். A2700 என்பது லைட்னிங் கேஸ். யுஎஸ்பி-சி போர்ட்டோடு A2700 கேஸை ஆப்பிள் விற்றதே இல்லை. நகல் செய்தவர் பழைய கேஸுக்காகச் செய்து வைத்திருந்த அச்சு வாசகத்தை அப்படியே புதிய போர்ட் உள்ள உறையிலும் அடித்திருக்கிறார். இது அடிக்கடி நடப்பதுதான். போர்ட்டை மாற்றாவிட்டால் வாங்குபவர் உடனே கண்டுபிடிப்பார். எழுத்தை யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை.

இதற்கு அவர் சொல்லக்கூடிய சமாதானங்களையும் பார்த்துவிடலாம். "கேஸை மாற்றினேன்" என்பார். மாற்றலாம். ஆப்பிளே ப்ரோ 2-க்கான யுஎஸ்பி-சி கேஸைத் தனியாக விற்றது. அதனால் A2699 இயர்பட் A2968 கேஸுக்குள் இருந்தால் அது முரண்பாடு அல்ல. லைட்னிங் கேஸ் கெட்டுப்போய்ப் புதிய கேஸ் வாங்கிய அசல் ஜோடியாக இருக்கலாம். ஆனால் கேஸின் எண் அந்தக் கேஸின் போர்ட்டோடு முரண்படுவதை அது விளக்காது. "போர்ட்டை மட்டும் மாற்றினேன்" என்றால், கேஸைப் பிரித்து லைட்னிங்கை எடுத்துவிட்டு யுஎஸ்பி-சி வைக்கும் ஆர்வலர்கள் உலகத்தில் இருக்கிறார்கள், உண்மைதான். பத்து நாள் பழைய கிஃப்ட்டில் யாரும் அந்த வேலையைச் செய்ய மாட்டார்கள். மூன்றாவதாக, இரண்டு படமும் இரண்டு வேறு கேஸ்களுடையதாக இருக்கலாம். அப்படியானால் கையில் இருக்கும் பொருளை அவர் காட்டவில்லை. எந்த வழியில் போனாலும் உங்களுக்கு வாங்க வேண்டிய காரணம் கிடைக்காது.

இந்தத் தவறு இல்லாத நகலும் சந்தையில் இருக்கிறது. A2968 என்று சரியாக அச்சிட்டு, போர்ட்டும் சரியாக இருக்கும். அப்போது அடுத்து பார்க்க வேண்டியது சீரியல் எண். அதைப் படத்திலிருந்து படித்து checkcoverage.apple.com-ல் போடுங்கள். போடும்போது ஒரு சின்ன விஷயம்: ஆப்பிள் சீரியல் எண்களில் O என்ற எழுத்து வராது, பூஜ்யம்தான் வரும். வட்டமாகத் தெரிந்தால் 0 என்றே அடியுங்கள்.

அந்தப் பக்கம் எண்ணை ஏற்றுக்கொண்டால் அசல் என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். நகல் செய்பவர்கள் ஏதோ ஒரு அசல் கேஸின் சீரியலை எடுத்து, அதே எண்ணை வரிசையாக எல்லா நகலிலும் அடிக்கிறார்கள். எண் உண்மை, பொருள் பொய். பக்கம் எண்ணை ஏற்காவிட்டால் நகல். ஏற்றுக்கொண்டால் அது காட்டும் விவரத்தைக் கதையோடு ஒப்பிடுங்கள். மாடல் பெயர் ப்ரோ இரண்டாம் தலைமுறை என்று வருகிறதா? ஆப்பிளின் சாதாரண வாரண்டி ஒரு வருடம். பத்து நாள் முன்னால் கிஃப்டாக வந்த புதுப் பொருளின் வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது என்று காட்டினால், அந்த எண் வேறு யாருடைய கேஸிலிருந்தோ வந்தது என்று நினைக்கக் காரணம் இருக்கிறது.

சீரியலை வைத்து இன்னும் வலுவான ஒரு சோதனை உண்டு, அதையும் படத்தில் கேட்டு வாங்கலாம். ஐஃபோனோடு இணைத்து, செட்டிங்ஸில் ஏர்பாட்ஸ் பெயரைத் தொட்டு, கீழே போனால் சீரியல் எண் தெரியும். அதைத் தொட்டால் இடது, வலது இயர்பட்களின் எண்களும் கேஸின் எண்ணும் தனித்தனியாக வரும். அசலில் மூன்றும் வேறு வேறு. அதில் கேஸின் எண் மூடிக்குள் அச்சிட்டிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். மூன்று இடத்திலும் ஒரே எண் வந்தாலோ, அச்சில் ஒன்றும் திரையில் ஒன்றுமாக இருந்தாலோ விட்டுவிடுங்கள். ஐஓஎஸ் 16 முதல், நகலை இணைக்கும்போது இது அசல் ஏர்பாட்ஸ் என்று உறுதிசெய்ய முடியவில்லை என்ற எச்சரிக்கையும் ஐஃபோன் திரையில் வரும். மூடியைத் திறந்ததும் படத்தோடு ஒரு பெட்டி திரையில் எழும்பி வருவதை மட்டும் காட்டி "பாருங்கள், ஒரிஜினல்" என்பார்கள். அது நகலிலும் வரும். இணைத்து முடித்த பிறகு வரும் திரைதான் வேண்டும்.

எடையையும் படத்தில் கேட்கலாம், இதைக் கேட்பவர்கள் குறைவு. ப்ரோ 2-வின் யுஎஸ்பி-சி கேஸ், இயர்பட் இல்லாமல், 50.8 கிராம். ஒரு இயர்பட் 5.3 கிராம். சமையலறை டிஜிட்டல் தராசில் காலிக் கேஸை வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். வீட்டுத் தராசு ஒரு கிராம் அப்படி இப்படிக் காட்டும், அது பரவாயில்லை. 40 கிராம் பக்கம் காட்டினால் உள்ளே பேட்டரியும் காந்தங்களும் சிறியவை என்று அர்த்தம். உள்ளே உலோகத் துண்டு ஒட்டி எடையைச் சரிக்கட்டும் நகலும் உண்டு, அதனால் சரியான எடை அசலுக்குச் சாட்சி ஆகாது.

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. இந்தியாவில் விற்ற பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், எம்ஆர்பி எல்லாம் அச்சிட்ட லேபிள் இருக்க வேண்டும். துபாயில் வாங்கியதில் அது இருக்காது, அதனால்தான் இந்த துபாய்க் கதை இவ்வளவு பிரபலம். லேபிள் இல்லாததை வைத்துக் குற்றம் சாட்ட முடியாது. இருப்பதை வைத்து நம்பவும் முடியாது, லேபிளும் அச்சடிக்கக் கூடியதே. விலை மட்டும் நினைவில் இருக்கட்டும்: யுஎஸ்பி-சி ப்ரோ 2 இங்கே வந்தபோது 24,900 ரூபாய். பத்தே நாள் பயன்படுத்தியதை 9,000-க்குத் தருபவர் ஏன் தருகிறார் என்று கேளுங்கள்.

இனி வேறு ஒருவரிடம் படம் கேட்கும்போது எப்படிக் கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் ஆறு படத்தில் உருப்படியானவை இரண்டுதான். ஃப்ளாஷ் வேண்டாம். பகலில் ஜன்னல் பக்கத்தில், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி எடுக்கச் சொல்லுங்கள். வெள்ளைப் பளபளப்பின் மேல் இருக்கும் வெளிர் எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில்தான் படிக்கக் கிடைக்கும். போனைக் கேஸில் முட்டும் அளவுக்குக் கொண்டுபோகாமல், ஒரு சாண் தள்ளிப் பிடித்து இரண்டு மடங்கு ஜூம் வைக்கச் சொல்லுங்கள். அப்போது வடிவம் கோணாது, ஃபோகஸும் நிற்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காமல் வரும். எல்லாவற்றையும் விட முக்கியம், மூடிக்குள் இருக்கும் எழுத்தும் அடியில் இருக்கும் போர்ட்டும் ஒரே பொருளுடையவை என்று தெரிய வேண்டும். ஒரே படத்தில் இரண்டும் விழாது. அதனால் வெட்டாத ஒரே வீடியோவில், மூடியைத் திறந்து எழுத்தைக் காட்டி, கேஸைத் திருப்பிக் கீலையும் பட்டனையும் காட்டி, அடியில் போர்ட்டைக் காட்டட்டும். பக்கத்தில் உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய துண்டுச் சீட்டு இருக்கட்டும்.

இதெல்லாம் சரியாக வந்தால் நேரில் போகலாம், ஐஃபோன் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். முன்பணம் அனுப்ப வேண்டாம். நேரில் இணைத்துப் பார்க்கும்போது, பழைய உரிமையாளர் தன் ஃபைண்ட் மை கணக்கிலிருந்து அதை நீக்கியிருக்கிறாரா என்றும் பாருங்கள். அவர் உங்கள் முன்னால் நீக்க மறுத்தால், பொருள் அசலாகவே இருந்தாலும் அது அவருடையதாக இல்லாமல் இருக்கலாம்.

இந்தக் கோவைக்காரருக்கு நீங்கள் அனுப்ப வேண்டியது ஒரே ஒரு வரி: "மூடிக்குள் A2700 என்று இருக்கிறது, போர்ட் டைப்-சியாக இருக்கிறது, செட்டிங்ஸில் மூன்று சீரியலும் தெரியும் ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள்." அனுப்பினால் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். விலையைக் குறைக்கிறேன் என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.